சில்லறை விலை முறையில் இறுதிச் சரக்கிருப்பை மதிப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கடையில் ஆயிரக்கணக்கான பொருள்கள் இருக்கும்போது, ஒவ்வொன்றும் என்ன அடக்கவிலைக்கு வாங்கியது என்று மாதக் கடைசியில் பில்லைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் விற்பனை விலை ஒவ்வொரு பொருளிலும் ஒட்டியிருக்கிறது. சில்லறை விலை முறை அந்த வசதியை வைத்தே நடக்கிறது. விற்பனைக்கு இருந்த மொத்தச் சரக்கையும் விற்பனை விலையில் எழுத வேண்டும். அதிலிருந்து விற்றதையும் வேறு வழியில் போனதையும் கழிக்க வேண்டும். மிஞ்சியதை, அடக்கவிலையை விற்பனை விலையால் வகுத்துக் கிடைக்கும் விகிதத்தால் பெருக்கினால் அது அடக்கவிலைக்கு வந்துவிடும்.

கூட்டல், கழித்தல், ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல். கணக்கு அவ்வளவுதான். இருந்தும் புதிதாகப் பழகுகிறவர்கள் திரும்பத் திரும்பத் தடுமாறுவதைப் பார்க்கிறேன், அதுவும் பெரும்பாலும் ஒரே இடத்தில்: விகிதத்துக்கு மேலே தாளின் எந்த வரி வர வேண்டும், கீழே எந்த வரி வர வேண்டும் என்பதில். அதிலும் விலைக்குறைப்பு எங்கே உட்கார வேண்டும் என்பதில்தான் குழப்பம் அதிகம். அந்த ஒரு வரி இடம் மாறினாலே இருப்பின் மதிப்பும், அதோடு லாபமும் மாறிவிடும். அதனால் கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

## 1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், போன காலத்தின் இறுதி இருப்பு. அது அடக்கவிலை, விற்பனை விலை இரண்டிலும் வேண்டும். இந்தக் காலத்தின் தொடக்க இருப்பு அதுதான். பலர் அடக்கவிலையை மட்டும் பேரேட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, விற்பனை விலையை ஏதோ ஒரு வழக்கமான லாப விழுக்காட்டை வைத்துக் கணித்துவிடுவார்கள். அப்படிச் செய்யக் கூடாது. போன காலத்தில் விலை குறைக்கப்பட்ட சரக்கு அந்த இருப்பில் இருந்திருக்கலாம். அதன் இன்றைய விலைச்சீட்டு முதலில் ஒட்டிய விலையாக இருக்காது.

அடுத்து, கொள்முதல் பதிவேடு. ஒவ்வொரு கொள்முதலுக்கும் நாம் கொடுத்த விலையும், கடைக்கு வந்தபோது அதன்மேல் ஒட்டிய முதல் விற்பனை விலையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். திருப்பி அனுப்பியவற்றுக்கும் இரண்டு விலைகளும் வேண்டும்.

மூன்றாவது, விலை மாற்றப் பதிவு. தேதி, பொருள், பழைய விலை, புதிய விலை, மாற்றிய நேரத்தில் கையிருந்த எண்ணிக்கை ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். இந்தப் பதிவு இல்லாத கடையில் இந்த முறையைத் தொடங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. இது இல்லையென்றால் அடுத்து வரும் நான்காம் படி வெறும் ஊகமாகிவிடும்.

மற்றபடி விற்பனை, விற்பனைத் திருப்பம், ஊழியர் தள்ளுபடி, சேதாரம் ஆகியவற்றின் தொகைகள் போதும்.

## 2. லாப அளவு ஒத்த பொருள்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

இந்த முறை முழுவதும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: விற்றுப்போன சரக்கும் மீந்திருக்கும் சரக்கும் ஏறத்தாழ ஒரே அடக்கவிலை விகிதம் கொண்டவை. கடை முழுவதற்கும் ஒரே விகிதம் போட்டால் இந்த அனுமானம் உடைந்துவிடும்.

இரண்டு பிரிவுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் அடக்கவிலை 1,00,000, விற்பனை விலை 2,00,000, அதாவது 50 விழுக்காடு. மற்றதில் அடக்கவிலை 1,60,000, விற்பனை விலை 2,00,000, அதாவது 80 விழுக்காடு. இரண்டையும் கலந்தால் 65 விழுக்காடு வரும். காலக் கடைசியில் முதல் பிரிவில் 20,000, இரண்டாவதில் 1,00,000 விற்பனை விலைக்குச் சரக்கு மிஞ்சியிருக்கிறது. தனித்தனியே போட்டால் 10,000 + 80,000 = 90,000. கலந்து போட்டால் 1,20,000-இல் 65 விழுக்காடு, அதாவது 78,000. லாபம் அதிகமுள்ள சரக்கு வேகமாக விற்றதால் 12,000 காணாமல் போய்விட்டது. கூட்டலில் எந்தப் பிழையும் இல்லாததால் சரிபார்த்தாலும் இது கண்ணில் படாது.

எனவே பிரிவுவாரியாகக் கணக்கிட்டு, கடைசியில் விடைகளைக் கூட்டுங்கள். ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கை மாற்றினால், அனுப்பிய பிரிவில் இரண்டு விலையிலும் கழித்து, பெற்ற பிரிவில் இரண்டு விலையிலும் கூட்ட வேண்டும்.

## 3. இரண்டு பத்திகளை நிரப்புதல்

இனி ஒரே ஒரு பிரிவை, ஒரு காலாண்டுக்கு, கடைசி வரை கொண்டுபோவோம். தாளை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். இடப்பக்கம் அடக்கவிலை, வலப்பக்கம் விற்பனை விலை.

தொடக்க இருப்பு அடக்கவிலையில் 1,24,000, விற்பனை விலையில் 2,00,000. கொள்முதல் 4,90,000, அதன் விற்பனை விலை 8,20,000. சப்ளையருக்குத் திருப்பியது அடக்கவிலையில் 18,000, விற்பனை விலையில் 30,000. இரண்டு பத்தியிலும் கழியுங்கள். சரக்கே கடையில் இல்லாமல் போனதால் இரண்டு பக்கமும் குறைய வேண்டும்.

சரக்கு ஏற்றிவந்த வண்டி வாடகை 14,000. இது இடப்பக்கம் மட்டும். வாடகை நம் அடக்கத்தைக் கூட்டுகிறது. விலைச்சீட்டில் அதற்கென்று தனி எண் எதுவும் இல்லை. விலையை நிர்ணயித்தபோதே அது கணக்கில் வந்திருக்கும். வலப்பக்கமும் 14,000 சேர்த்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இல்லாத சரக்கு இருப்பதுபோல் தாளில் தோன்றிவிடும். சப்ளையர் தந்த கொள்முதல் கழிவும் இதே மாதிரிதான்: இடப்பக்கம் மட்டும் கழியும்.

தீ, வெள்ளம், பெரிய திருட்டு போன்ற அசாதாரண இழப்பு இருந்தால் அதையும் இந்தக் கட்டத்திலேயே, விகிதம் போடும் முன், இரண்டு பத்தியிலும் கழித்துவிட வேண்டும். அந்தச் சரக்கு வழக்கமான வியாபாரத்தில் போகவில்லை. அதை இழப்பாகத் தனியே காட்ட வேண்டுமே தவிர, விற்ற சரக்கின் அடக்கத்துக்குள் ஒளிக்கக் கூடாது. நம் பிரிவில் அப்படி எதுவும் இல்லை.

இதுவரை இடப்பக்கம் 6,10,000. வலப்பக்கம் 9,90,000.

## 4. விலை மாற்றங்களை நான்காகப் பிரித்தல்

இங்கே நிதானமாக இருங்கள். அடக்கவிலைக்கு மேல் முதன்முதலில் வைத்த லாபம் ஏற்கெனவே கொள்முதலின் விற்பனை விலைக்குள் இருக்கிறது. அதை மறுபடியும் தொட வேண்டாம். இந்தப் படியில் வருவது, முதல் விலைச்சீட்டு ஒட்டிய பிறகு நடந்த மாற்றங்கள் மட்டும்.

முதல் விற்பனை விலைக்கு மேலே ஏற்றினால் அது விலையேற்றம். அப்படி ஏற்றியதை இறக்கினால், முதல் விலை வரை இறங்கும் பகுதி விலையேற்ற ரத்து. முதல் விலைக்குக் கீழே இறங்கும் பகுதிதான் விலைக்குறைப்பு. குறைத்ததை மறுபடி ஏற்றும்போது, முதல் விலை வரை ஏறும் பகுதி விலைக்குறைப்பு ரத்து. எல்லாவற்றுக்கும் எல்லைக்கோடு முதல் விற்பனை விலை. நேற்றைய விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து இது ஏற்றம், இது குறைப்பு என்று எழுதினால் தவறிவிடும்.

ஒரு பொருளின் கதையைப் பார்ப்போம். அடக்கவிலை 60, முதல் விலைச்சீட்டு 100.

விலை 120 ஆகிறது. 20 விலையேற்றம். பிறகு 110 ஆகிறது. விலை இறங்கியிருக்கிறது, ஆனால் இன்னும் 100-க்கு மேலேதான் நிற்கிறது. ஆகவே இது 10 விலையேற்ற ரத்து. அடுத்து 85 ஆகிறது. விலைச்சீட்டில் ஒரே மாற்றம், கணக்கில் இரண்டு: 110-லிருந்து 100 வரை 10 விலையேற்ற ரத்து, 100-லிருந்து 85 வரை 15 விலைக்குறைப்பு. அடுத்து 95 ஆகிறது. ஏறியிருந்தாலும் இது விலையேற்றம் ஆகாது. 10 விலைக்குறைப்பு ரத்து. கடைசியாக 105. இதில் 5 விலைக்குறைப்பு ரத்து, 5 புதிய விலையேற்றம்.

சரிபார்க்க எளிய வழி உண்டு. விலையேற்றம் மொத்தம் 25, ரத்து 20, நிகரம் 5. விலைக்குறைப்பு 15, ரத்து 15, நிகரம் 0. முதல் விலை 100-உடன் 5 கூட்டினால் 105, இன்றைய விலைச்சீட்டு. ஒத்துவரவில்லையென்றால் எங்கோ கோட்டைத் தாண்டும்போது பிரிக்கவில்லை என்று பொருள்.

இந்த எண்கள் ஓர் உருப்படிக்கு. விலை மாற்றிய நேரத்தில் கையில் எத்தனை இருந்தனவோ அத்தனையால் பெருக்க வேண்டும். 100 உருப்படி வாங்கி, 15 குறைத்த நாளில் 40 மட்டுமே மிஞ்சியிருந்தால் விலைக்குறைப்பு 600. வாங்கிய எண்ணிக்கையால் பெருக்கி 1,500 என்று எழுதினால், பழைய விலைக்கே விற்றுப்போன 60 உருப்படிக்கும் விலையைக் குறைத்ததாகிவிடும். விலை மாற்றப் பதிவில் கையிருப்பு எண்ணிக்கை கட்டாயம் என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான்.

நம் பிரிவில் எல்லாப் பொருளுக்கும் சேர்த்து விலையேற்றம் 16,000, அதன் ரத்து 6,000, நிகர விலையேற்றம் 10,000. விலைக்குறைப்பு 70,000, அதன் ரத்து 10,000, நிகர விலைக்குறைப்பு 60,000.

## 5. நிகர விலையேற்றத்தைச் சேர்த்து, கோடு போட்டு, விகிதம் காணுங்கள்

வலப்பக்கம் 9,90,000-உடன் நிகர விலையேற்றம் 10,000 சேர்த்தால் 10,00,000. இடப்பக்கம் மாறாது. விலைச்சீட்டை மாற்றினால் நாம் ஏற்கெனவே கொடுத்த பணம் மாறப்போவதில்லை.

இங்கே ஒரு கோடு போடுங்கள். பெரும்பாலும் பாடமாகச் சொல்லித்தரும் வழக்கமான சில்லறை முறையில் விகிதம் இந்தக் கோட்டில்தான் பிறக்கிறது:

6,10,000 ÷ 10,00,000 = 61 விழுக்காடு.

விலைக்குறைப்பு இன்னும் தாளில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். விகிதத்தை எழுதி முடித்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். கையில் எண் தயாராக இருக்கிறதே என்று விலையேற்றத்தோடு சேர்த்தே கழித்துவிடுவது புதியவர்களின் முதல் தவறு. அதன் விளைவை எட்டாம் பகுதியில் விரிவாகப் பார்ப்போம்.

பின்ன விழுக்காடு வந்தால் முழு எண்ணாக்காதீர்கள். குறைந்தது நான்கு தசம இடம் வரை வைத்திருந்து, கடைசி விடையை மட்டும் முழுமையாக்குங்கள்.

## 6. கோட்டுக்குக் கீழே: விற்பனை விலையில் என்னவெல்லாம் வெளியேறியது

இனி வலப்பக்கம் மட்டும்தான் வேலை. கடையில் இருந்திருக்க வேண்டிய 10,00,000-லிருந்து ஒவ்வொன்றாகக் கழிக்கிறோம்.

நிகர விலைக்குறைப்பு 60,000. சரக்கு வெளியே போகவில்லை, ஆனால் விலைச்சீட்டின் கூட்டுத்தொகை இவ்வளவு இறங்கிவிட்டது.

விற்பனை 7,45,000. வாடிக்கையாளர் திருப்பியது 15,000. நிகர விற்பனை 7,30,000. திரும்பி வந்த பொருள் மறுபடி அலமாரிக்குப் போய்விட்டதால் அதை விற்பனையிலிருந்து கழிக்கிறோம். ஆனால் கடனுக்கு வாங்கியவர் சீக்கிரம் பணம் கட்டியதற்காகக் கொடுத்த ரொக்கக் கழிவை இங்கே கழிக்கக் கூடாது. அந்தப் பொருள் முழு விலைச்சீட்டு விலையில்தான் கடையை விட்டுப் போனது. பிறகு பணம் குறைவாக வந்ததால் பொருள் திரும்பி வந்துவிடாது.

ஊழியர் தள்ளுபடி 12,000. இதை ஏன் தனியாகக் கழிக்கிறோம் என்று பலரும் கேட்பார்கள். 100 என்று விலைச்சீட்டு ஒட்டிய பொருளை ஊழியருக்கு 80-க்குக் கொடுத்தால் விற்பனைக் கணக்கில் 80 மட்டுமே ஏறும். அலமாரியிலிருந்து போனதோ 100. மீதி 20-ஐக் கழிக்காவிட்டால் அது இல்லாத சரக்காகத் தாளில் தங்கிவிடும். உங்கள் கணக்கில் விற்பனையை 100 என்றே பதிந்து, தள்ளுபடியை வேறு தலைப்பில் வைத்திருந்தால் இங்கே கழிக்க வேண்டியதில்லை. பில் போடும் இடத்தில் கொடுக்கும் சலுகைகளுக்கும் இதே விதி. விலைக்குறைப்பாகவோ தள்ளுபடியாகவோ ஒரு முறைதான் கழிய வேண்டும்.

வழக்கமான சேதாரம் 8,000. சில்லறைத் திருட்டு, உடைசல், எண்ணிக்கைப் பிழை எல்லாம் இதற்குள் அடங்கும். இது வியாபாரத்தோடு ஒட்டிய செலவு, விலை வைக்கும்போதே எதிர்பார்த்தது. ஆகவே விகிதத்தைத் தொடாமல் கீழே வருகிறது. மூன்றாம் படியில் பார்த்த அசாதாரண இழப்போடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

விற்பனை வரியைப் பற்றி ஒரு வார்த்தை. விலைச்சீட்டில் வரி சேர்ந்திருந்து, விற்பனைத் தொகை வரி நீக்கியதாக இருந்தால் இரண்டையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவந்த பிறகே கழியுங்கள். இல்லையென்றால் வரித்தொகை முழுவதும் இருப்பாகக் குவிந்துவிடும்.

## 7. பெருக்கி முடித்தல்

முழுத் தாள் இப்படி நிற்கும்:

| வரி | அடக்கவிலை | விற்பனை விலை |
|---|---:|---:|
| தொடக்க இருப்பு | 1,24,000 | 2,00,000 |
| கொள்முதல் | 4,90,000 | 8,20,000 |
| வண்டி வாடகை | 14,000 | |
| கொள்முதல் திருப்பம் | (18,000) | (30,000) |
| நிகர விலையேற்றம் | | 10,000 |
| விற்பனைக்கு இருந்த சரக்கு (விகிதம் 61%) | 6,10,000 | 10,00,000 |
| நிகர விலைக்குறைப்பு | | (60,000) |
| நிகர விற்பனை | | (7,30,000) |
| ஊழியர் தள்ளுபடி | | (12,000) |
| வழக்கமான சேதாரம் | | (8,000) |
| இறுதி இருப்பு, விற்பனை விலையில் | | 1,90,000 |
| இறுதி இருப்பு, அடக்கவிலையில் | 1,15,900 | |

1,90,000-இல் 61 விழுக்காடு 1,15,900. விற்ற சரக்கின் அடக்கம் 6,10,000 − 1,15,900 = 4,94,100. மொத்த லாபம் 7,30,000 − 4,94,100 = 2,35,900.

## 8. விலைக்குறைப்பு கோட்டுக்கு மேலே போனால் என்ன ஆகும்

இதே தாளில் அந்த 60,000-ஐ மட்டும் கோட்டுக்கு மேலே தூக்கிப் பாருங்கள். வகுக்கும் எண் 9,40,000 ஆகிவிடும். 6,10,000 ÷ 9,40,000 = 64.89 விழுக்காடு. விற்பனை விலையில் இறுதி இருப்பு மாறாமல் அதே 1,90,000. ஆனால் அடக்கவிலையில் அது 1,23,298. வேறுபாடு 7,398, அத்தனையும் லாபத்தில் ஏறிவிடும். ஒரு வரி இடம் மாறியதைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை.

எது சரி? பதிலை மனப்பாடம் செய்வதைவிட, இரண்டே உருப்படிகளை வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். இரண்டும் 60-க்கு வாங்கி 100 என்று விலை ஒட்டியவை. மொத்த அடக்கம் 120, விற்பனை விலை 200. ஒன்றின் விலையை 80 ஆகக் குறைக்கிறோம்.

முதல் நிலைமை: விலை குறைத்த உருப்படி விற்றுப்போகிறது, 100 விலையுள்ளது மிஞ்சுகிறது. விலைக்குறைப்பைக் கீழே வைத்தால் விகிதம் 60 விழுக்காடு, இருப்பு 60. அதன் உண்மையான அடக்கவிலையும் அதுவே. மேலே வைத்தால் 120 ÷ 180, விகிதம் 66.67 விழுக்காடு, இருப்பு 66.67. வாங்கிய விலையைவிட அதிகமாக இருப்பைக் காட்டுகிறோம். இதை எந்தக் கணக்காளரும் ஏற்கக் கூடாது.

இரண்டாம் நிலைமை: 100 விலையுள்ளது விற்றுப்போகிறது, விலை குறைத்தது 80 என்ற சீட்டோடு அலமாரியில் நிற்கிறது. கீழே வைத்தால் 80-இல் 60 விழுக்காடு, 48. மேலே வைத்தால் 53.33. உண்மையான அடக்கவிலை 60, இரண்டுமே அதற்குக் கீழேதான் வருகின்றன. இங்கே 48 என்பது வாங்கிய விலையைச் சொல்லவில்லை. விலை இறங்கியதால் வந்த நட்டத்தை இந்தக் காலத்திலேயே எடுத்துக்கொண்டு, அடுத்த காலத்தில் 80-க்கு விற்கும்போது வழக்கமான 40 விழுக்காடு லாபம் வரும்படி மதிப்பை இறக்கி வைக்கிறது. அடக்கவிலையா சந்தை மதிப்பா, எது குறைவோ அது என்ற கொள்கையை வழக்கமான சில்லறை முறை இப்படித்தான் தோராயமாக நிறைவேற்றுகிறது.

ஆக, சீசன் கடைசிச் சரக்கு காலத்துக்குள்ளேயே விற்றுத் தீர்ந்திருந்தால் கோட்டுக்குக் கீழே வைப்பது அடக்கவிலைக்கு மிக அருகில் வரும். விலை குறைத்த சரக்கு நிறைய மிஞ்சியிருந்தால் அதே முறை அடக்கவிலையைவிட நன்றாகவே கீழே போய்விடும்.

எந்தத் தரநிலையின் கீழ் அறிக்கை தருகிறீர்கள் என்பதும் இதில் முக்கியம். சரக்கிருப்புக்கான பன்னாட்டுக் கணக்கியல் தரநிலையான ஐஏஎஸ் 2 சில்லறை முறையை அனுமதிக்கிறது. விளைவு அடக்கவிலைக்கு அருகில் வர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. முதல் விற்பனை விலைக்குக் கீழே விலை குறைக்கப்பட்ட சரக்கை விழுக்காடு கணக்கில் கொள்ள வேண்டும் என்றும் அது சொல்கிறது. இரண்டாம் நிலைமையில் 80-க்கு விற்கக்கூடிய, 60-க்கு வாங்கிய பொருளை 48 ஆக இறக்குவதற்கு அங்கே காரணம் கிடையாது. அந்தத் தரநிலையைப் பின்பற்றும் நிறுவனத்தில் விலை குறைத்த சரக்கு அதிகம் மிஞ்சியிருந்தால், அதைத் தனிப் பிரிவாகப் பிரித்து அதற்கென்று விகிதம் போடுவதையே நான் விரும்புவேன். இரண்டாம் நிலைமையில் அந்த ஓர் உருப்படியைத் தனியே எடுத்தால் அடக்கம் 60, விலை 80, விகிதம் 75 விழுக்காடு. 80-ஐ அதால் பெருக்கினால் சரியாக 60 வந்துவிடும்.

எந்த இடத்தைத் தேர்ந்தாலும் அதையே எல்லாக் காலத்துக்கும் பின்பற்றுங்கள். இந்தக் காலாண்டில் மேலே, அடுத்ததில் கீழே என்று மாற்றினால் லாபத்தின் ஏற்ற இறக்கம் வியாபாரத்தால் வந்ததா, தாளால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

## 9. ஸ்டாக் எடுத்து ஒப்பிடுதல்

இந்த மதிப்பீடு மாதா மாதம் கைகொடுக்கும். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது சரக்கை எண்ணித்தான் ஆக வேண்டும். திருடுபோன பொருளுக்குத் தாளில் வரி கிடையாது, நாம் ஊகித்து எழுதிய சேதாரம்தான் இருக்கிறது.

எண்ணுவது எளிது. ஒவ்வொன்றின் அடக்கவிலையையும் தேட வேண்டாம். விலைச்சீட்டில் உள்ள விலையை எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் போதும். நம் பிரிவில் அப்படி எண்ணியதில் 1,83,500 வந்தது என்று வைத்துக்கொள்வோம். தாள் 1,90,000 என்கிறது. குறைவு 6,500, விற்பனை விலையில். இதை அப்படியே செலவில் எழுதிவிடாதீர்கள். 61 விழுக்காட்டால் பெருக்கி 3,965 என்று அடக்கவிலைக்குக் கொண்டுவந்த பிறகே எழுத வேண்டும். திருத்திய இறுதி இருப்பு 1,11,935.

ஒரு எச்சரிக்கை. குறைவைக் கண்டதும் திருட்டு என்று முடிவு கட்டாமல், முதலில் விலை மாற்றப் பதிவைப் பாருங்கள். அலமாரியில் விலைச்சீட்டை மாற்றிவிட்டு பதிவில் எழுத மறந்த விலைக்குறைப்பு, ஸ்டாக் எடுக்கும்போது அப்படியே சரக்குக் குறைவு போலத் தெரியும். பொருள் எல்லாம் இடத்தில் இருக்கும், தொகை மட்டும் குறைந்திருக்கும். சில பொருள்களின் எண்ணிக்கையைச் சோதித்தால் இது தெரிந்துவிடும்.

## 10. விகிதம் தவறாக வந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது

விடை வந்ததும் விகிதத்தை அதன் பாகங்களோடு வைத்துப் பாருங்கள். தொடக்க இருப்பின் விகிதம் 1,24,000 ÷ 2,00,000, அதாவது 62 விழுக்காடு. இந்தக் காலத்தின் கொள்முதல், வாடகை சேர்த்து, திருப்பம் கழித்து 4,86,000 ÷ 7,90,000, சுமார் 61.5 விழுக்காடு. இரண்டும் கலந்த விகிதம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வர முடியும். அதன்மேல் விலையேற்றம் சேர்ந்தால் கொஞ்சம் இறங்கும். 61 என்பது அங்கே சரியாகப் பொருந்துகிறது.

விகிதம் இரண்டு பாகங்களையும் தாண்டி மேலே போயிருந்தால் விலைக்குறைப்பு கோட்டுக்கு மேலே ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எதிர்பார்த்ததைவிட வெகுவாக இறங்கியிருந்தால் வண்டி வாடகை விடுபட்டதா, அல்லது விலைக்குறைப்பு ரத்தை விலையேற்றம் என்று எழுதினார்களா என்று பாருங்கள். இரண்டாவது தவறு சலுகை விற்பனை முடிந்து பழைய விலைக்குத் திரும்பும் வாரத்தில் மொத்தமாக நுழையும். கணினியில் விலை ஏறியதெல்லாம் ஒரே பட்டியலில் விழுவதால், முதல் விலையைத் தாண்டாத ஏற்றமும் விலையேற்றக் கணக்கில் சேர்ந்துவிடும். இதில் வலப்பக்க நிகரத் தொகை மாறாது, இறுதி இருப்பின் விற்பனை விலையும் சரியாகவே வரும். அதனால் ஸ்டாக் எண்ணிப் பார்த்தாலும் தெரியாது. விகிதம் மட்டும் பிழையாகியிருக்கும். நம் பிரிவில் அந்த 10,000 ரத்து விலையேற்றமாகப் போயிருந்தால் கோட்டில் 10,10,000 நிற்கும், விகிதம் 60.4 விழுக்காடாகும், இருப்பு 1,14,752-க்கு இறங்கும். சலுகை முடியும் வாரத்தின் விலை மாற்றங்களை மட்டும் தனியே எடுத்து, ஒவ்வொன்றையும் முதல் விற்பனை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இது பிடிபடும்.